18 பெரிசா, 20 பெரிசா? கையெழுத்து வைக்கிறதுக்கு முதல் அந்தக் கடிதத்தை வாசியுங்கோ

கொஞ்சம் நீளமான பதிவு. கடன் எடுக்க இருக்கிறவர்களும், மற்றவர்களின் கடனுக்குப் பிணை நிற்கப் போகிறவர்களும் மட்டுமாவது கடைசிவரை வாசியுங்கள்.

போன கிழமை குறிகட்டுவான் இறங்குதுறையில் படகுக்குக் காத்துக்கொண்டு நிற்கும்போது, என்னிடம் படிக்கிற பிள்ளை ஒன்றின் தகப்பன் வந்து இரண்டு கடிதங்களை நீட்டினார். கடற்றொழில் செய்கிற மனிசன். வள்ளத்து என்ஜின் பழுதாகிவிட்டது. புதிது எடுக்க 3 இலட்சம் வேணும்.

"சேர், ரெண்டு இடத்திலை கேட்டனான். பாங்கிலை நூற்றுக்கு 20 எண்டு போட்டிருக்கு. ஃபினான்ஸ் கொம்பனியிலை 18 தான். நான் கொம்பனியிலை எடுக்கப் போறன். கையெழுத்து வைக்கிற இடத்தை மட்டும் ஒருக்காக் காட்டி விடுங்கோ, எல்லாம் இங்கிலீசிலை கிடக்கு."

"அண்ணை, கையெழுத்தைப் பிறகு பாப்பம். முதல்லை மாதம் எவ்வளவு கட்டச் சொல்லியிருக்கு?"

"கொம்பனிக்கு 17,000, ரெண்டு வருசம். பாங்குக்கும் ரெண்டு வருசம்தான், 15,269 எண்டு கிடக்கு."

சொல்லி முடித்ததும் அவரே நின்றுவிட்டார். வட்டி குறைந்த கடனுக்கு மாதக்காசு எப்படிக் கூடும்? 3 இலட்சமும் ஒன்று, 24 மாதமும் ஒன்று. 18க்கு 17,000, 20க்கு 15,269. மொத்தமாகப் பார்த்தால் கொம்பனிக்குக் கட்டுவது 4,08,000. வங்கிக்குக் கட்டுவது 3,66,456. "மலிவான" 18 வீதக் கடன் 41 ஆயிரத்துக்கு மேல் விலை கூடியது.

இந்தப் பதிவு கடன்காரரைத் திட்ட எழுதியது இல்லை. அந்தத் திட்டலை நாங்கள் வேண்டியளவு கேட்டுவிட்டோம். 2018இல் நுண்கடன் சிக்கல் பெரிதாகி, வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்களின் சிறு கடன்களை அரசாங்கமே தள்ளுபடி செய்யவேண்டிய நிலை வந்தபோதும், படித்த ஆக்கள் சொன்னது ஒன்றுதான்: "வாசிக்காமல் கையெழுத்து வைச்சது ஆற்றை பிழை?" அந்தக் கேள்விக்கு நான் இன்றைக்குப் பதில் சொல்லப்போகிறேன். வாசித்தாலும் விளங்காதபடி எழுதியவனின் பிழை. விளங்கிய நாங்கள் வாய் மூடி இருந்தது எங்கள் பிழை.

முதலாவது: 18 என்று எழுதினால் எதில் 18?

கொம்பனிக் கடிதத்தில் வீதத்துக்குப் பக்கத்தில் "ஃப்ளாட்" என்று ஒரு சின்னச் சொல் இருந்தது. வங்கிக் கடிதத்தில் "குறைந்துசெல்லும் மீதியின் மீது" என்று இருந்தது. முழு விசயமும் அதுதான்.

ஃப்ளாட் என்றால், நீங்கள் மாதாமாதம் முதலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டு வந்தாலும், கடைசி மாதம் வரை முழு 3 இலட்சத்துக்கும் வட்டி போடுவார்கள். வருடத்துக்கு 54,000, இரண்டு வருடத்துக்கு 1,08,000. அதை முதலோடு கூட்டி 24ஆல் பிரித்தால் 17,000. கடைசித் தவணை கட்டுகிற மாதத்தில் உங்கள் கையில் அவர்களுடைய காசு கொஞ்சம்தான் மிச்சம் இருக்கும், ஆனால் வட்டி 3 இலட்சத்துக்குத்தான். குறைந்துசெல்லும் மீதி முறையில் அந்தந்த மாதம் மிச்சமிருக்கிற முதலுக்கு மட்டும்தான் வட்டி.

இது பெரிய நிதி விஞ்ஞானம் இல்லை. சாதாரண தரக் கணிதத்தில் "மாத அலகு" என்று நாங்கள் படிப்பிக்கிற அதே கணக்குத்தான். 24 மாதக் கடனுக்கு 24 × 25 ÷ 2 = 300 மாத அலகுகள். ஒரு மாதத்துக்குரிய முதல் பங்கு 12,500. மொத்த வட்டி 1,08,000ஐ 300ஆல் பிரித்தால் ஒரு அலகுக்கு 360 ரூபா. 12,500க்கு மாதம் 360 என்றால் வருடத்துக்கு ஏறக்குறைய 34½ வீதம். மாதாமாதம் முதல் சமமாகக் குறைகிறது என்று எடுத்துக்கொள்வதால் இந்த முறை கொஞ்சம் கூட்டிக் காட்டும். சரியான எண் வேணுமென்றால் போனில் இருக்கிற எக்செல் அல்லது கூகிள் ஷீட்டில் இதை அடியுங்கள்:

```
=RATE(24,-17000,300000)*12
```

விடை 31½ வீதம். அதாவது கடிதத்தில் 18 என்று இருக்கிற வட்டி, வங்கி சொல்லுகிற அதே முறையில் அளந்தால் 31½. இப்போது சொல்லுங்கள், 18 பெரிசா, 20 பெரிசா?

பரீட்சையில் இந்தக் கணக்குக்கு எங்கள் பிள்ளைகளுக்குப் புள்ளி கிடைக்கிறது. அதே பிள்ளையின் வீட்டு மேசையில் அதே கணக்கு உயிரோடு கிடக்கிறது. இரண்டும் ஒன்றென்று நாங்கள் ஒரு நாளும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆசிரியர்களே, நான் உட்படத்தான்.

இரண்டாவது: கையில் வருவது எவ்வளவு?

கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில், "வழங்கலின்போது கழிக்கப்படும்" என்ற தலைப்பின் கீழ் மூன்று வரி. சேவைக் கட்டணம் 6,000. ஆவணக் கட்டணம் 3,000. காப்புறுதி 6,000. மொத்தம் 15,000. அண்ணையின் கைக்கு வரப்போவது 2,85,000. ஆனால் தவணை 3 இலட்சத்துக்குத்தான் கட்டவேண்டும்.

அவருக்கு இது முதல் தெரியாது. "அது சின்னச் செலவு, புரொசெசிங் ஃபீ எண்டு சொன்னவை" என்றார். சின்னச் செலவா என்று பார்க்க அதே கணக்கில் ஒரு எண்ணை மட்டும் மாற்றுங்கள். 300000 இருந்த இடத்தில் கைக்கு வருகிற 285000ஐப் போடுங்கள்:

```
=RATE(24,-17000,285000)*12
```

இப்போது 37 வீதம். தொடங்கியது 18இல். ஒரு பொய்யும் சொல்லாமல், எல்லாவற்றையும் கடிதத்தில் எழுதிவைத்தே 37க்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

இதில் இன்னொரு அடியும் இருக்கிறது. என்ஜின்காரர் 3 இலட்சம் கேட்கிறார். கையில் 2,85,000. மிச்சம் 15 ஆயிரத்துக்கு மனிசன் எங்கே போவார்? அடகுக்கடைக்கு, அல்லது ஊரில் மாத வட்டிக்குக் கொடுக்கிற ஒருவரிடம். முதல் கடனே இரண்டாவது கடனைப் பெறுகிறது. ஆனபடியால் "கழிவெல்லாம் போகக் கைக்கு எவ்வளவு வரும்?" என்ற கேள்வியை முதலில் கேளுங்கள், அந்தத் தொகையை எழுத்தில் வாங்குங்கள். காப்புறுதி எதற்கு, யாருக்கு, எந்தக் கொம்பனியில் என்பதையும் கேளுங்கள். வள்ளம் சேதமானால் வருகிற காப்புறுதியா, கடன்காரர் இறந்தால் கடனைத் தீர்க்கிற காப்புறுதியா? இரண்டும் வேறு. பத்திரத்தின் பிரதி உங்கள் கையில் இல்லாவிட்டால், அந்த 6,000 உங்களைப் பொறுத்தவரை இன்னொரு கட்டணம்தான்.

கட்டண வரிகளுக்குக் கடைசியில் ஒரு வசனம் இருக்கும்: "காலத்துக்குக் காலம் நிறுவனம் அறவிடும் ஏனைய கட்டணங்கள்". அதில் தொகை இருக்காது. தவணை பிந்தினால் தண்ட வட்டி, நினைவூட்டல் கடிதத்துக்கு ஒரு காசு, வீட்டுக்கு ஆள் வந்து போனால் அதற்கு ஒரு காசு, எல்லாம் இந்த ஒரு வசனத்துக்குள்தான் பின்னர் வந்து உட்காரும். கச்சான் காற்றுக்கு ஒரு கிழமை கடலுக்குப் போகாமல் இருந்தாலே தவணை பிந்துகிற தொழில் இது. அந்த "ஏனைய" என்ற சொல்லுக்குரிய கட்டணப் பட்டியலைக் கேட்டு வாங்கிக் கடிதத்தோடு சேர்த்துக் குத்தி வையுங்கள். தரமாட்டோம் என்றால், அதுவே உங்களுக்கு வேண்டிய பதில்.

மூன்றாவது: முந்திக் கட்டினால் என்ன கிடைக்கும்?

அண்ணையின் திட்டம் இதுதான்: "வெளிநாட்டிலை இருக்கிற தம்பி ஒரு வருசத்திலை காசு அனுப்புவான். பாதிக் காலம் முடிஞ்சிடும், மிச்சம் ஒண்டரை இலட்சத்தைக் கட்டி முடிச்சிடுவன்." நியாயமான நினைப்பு. ஆனால் கடன் அப்படிக் குறைவதில்லை.

12 மாதத்தில் அவர் கட்டியிருப்பது 2,04,000. தவணைகள் முன்பக்கம் வட்டியும் பின்பக்கம் முதலுமாக அமைந்திருப்பதால், அந்த 31½ வீதத்தில் கணக்குப் பார்த்தால் ஏறக்குறைய 77,000 வட்டிக்குப் போயிருக்கும், 1,27,000 மட்டும் முதலில் கழிந்திருக்கும். மிச்சம் ஒன்றரை இலட்சம் இல்லை, 1,73,000. இரண்டாம் வருடத்தில் வரவேண்டிய வட்டி வெறும் 31,000தான். முந்திக் கட்டி மிச்சம் பிடிக்கக் கூடியது அந்த 31,000 மட்டும். அதிலும் கடிதத்தில், முன்கூட்டித் தீர்த்தால் நிலுவையில் 5 வீதம் கட்டணம் என்று எழுதியிருக்கிறது. 1,73,000க்கு 5 வீதம் 8,650. ஆக மிச்சம் 22 ஆயிரத்துச் சொச்சம்.

இது நல்ல கடிதம் என்றுதான் சொல்லவேண்டும். இதைவிட மோசமான வசனம் ஒன்று வேறு கடிதங்களில் பார்த்திருக்கிறேன்: "முன்கூட்டித் தீர்ப்பதாயின் எதிர்கால வட்டி உட்பட மீதித் தவணைகள் அனைத்தும் செலுத்தப்பட வேண்டும்." அப்படியென்றால் 12 × 17,000 = 2,04,000ஐயும் அப்படியே கட்டவேண்டும். முந்திக் கட்டியதற்கு ஒரு சதமும் மிச்சமில்லை. ஆகவே கேட்கவேண்டிய கேள்வி "முந்திக் கட்டலாமா?" என்பது இல்லை. அதற்கு எல்லோரும் "ஓம்" என்றுதான் சொல்வார்கள். "12ஆம் மாதத்தில் தீர்த்தால் நான் கட்டவேண்டிய முழுத் தொகை எவ்வளவு? எழுதித் தாருங்கள்" என்று கேளுங்கள். முதலும் வட்டியும் தனித்தனியாகப் பிரித்த தவணை அட்டவணை அவர்களின் கணினியில் இருக்கிறது. ஒரு நிமிடத்தில் அச்சடித்துத் தரலாம்.

நாலாவது: வங்கி நல்லது என்று கண்ணை மூடாதீர்கள்

இதுவரை வாசித்துவிட்டு "சேர் வங்கிக்கு விளம்பரம் செய்யிறார்" என்று நினைக்கவேண்டாம். எங்கள் ஆசிரியர் அறையிலேயே ஒரு கதை இருக்கிறது. சக ஆசிரியர் ஒருவர் 2022 தொடக்கத்தில் வீடு திருத்த ஒரு வங்கியில் 10 இலட்சம் எடுத்தார், 10 வருடத்துக்கு. கடிதத்தில் வட்டி 12½ வீதம், தவணை 14,600 சொச்சம். சம்பளத்துக்குத் தாங்கும். ஆனால் வட்டிக்கு நேரே இருந்தது வெறும் 12½ இல்லை. "ஏ.டபிள்யூ.பி.எல்.ஆர். + 4, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மீளாய்வு" என்று இருந்தது. அது என்னவென்று அவர் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

அது வங்கிகள் தங்கள் மிக நம்பிக்கையான வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கிற கடன்களின் சராசரி வட்டி. மத்திய வங்கி கிழமைக்குக் கிழமை வெளியிடுகிறது. 2021 முடிவில் அது எட்டரை வீதமளவில் இருந்தது. 2022 ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளியால் உயர்த்தியது. அந்த வருட முடிவில் ஏ.டபிள்யூ.பி.எல்.ஆர். 27 வீதத்தைத் தாண்டியது. அதோடு 4ஐக் கூட்டுங்கள், 31. 10 இலட்சத்துக்கு 31 வீதம் என்றால் ஒரு மாத வட்டி மட்டும் 25,800. அவர் கட்டிய பழைய தவணை வட்டிக்கே காணாது. முதலில் ஒரு ரூபாயும் குறையாது.

அவர் என்ன பிழை செய்தார்? ஒன்றுமில்லை. நாட்டின் வங்குரோத்தை அவருடைய வீட்டு வாசலுக்குக் கொண்டுவருகிற ஒரு வரியில் கையெழுத்து வைத்தார், அவ்வளவுதான்.

மாறும் வட்டி எப்போதும் கூடாது என்று நான் சொல்லவில்லை. 2023 முடிவில் அதே வீதம் 12 அளவுக்கு இறங்கியது. நிலையான உயர் வட்டியில் பூட்டப்பட்டவர்களைவிட அப்போது இவருக்கு ஆறுதல். ஆனால் இறங்கும்போது உங்களுக்கும் இறங்குமா என்பதைக் கடிதம்தான் தீர்மானிக்கும். "ஆகக்குறைந்தது 14 வீதம்" என்று ஒரு தளம் போட்டிருந்தால் கூரை திறந்திருக்கும், நிலம் மட்டும் பூட்டியிருக்கும். எல்லாவற்றிலும் மோசமானது, எந்த அளவுகோலையும் சொல்லாமல் "வங்கி காலத்துக்குக் காலம் தீர்மானிக்கும் வீதம்" என்று எழுதுவது. ஏ.டபிள்யூ.பி.எல்.ஆரை நீங்கள் போனில் பார்க்கலாம். வங்கியின் மனசை எங்கே பார்ப்பது? அண்ணையின் வங்கிக் கடிதத்தில் நான் தேடியது இதைத்தான். இரண்டு வருடத்துக்கும் நிலையான வட்டி என்று தெளிவாக இருந்தது. ஒருமுறைக் கட்டணம் 5,000. அதைக் கழித்துப் பார்த்தாலும் கொம்பனியின் 37க்குக் கிட்டவும் வராது.

"உங்களுக்கேன் சேர் இந்த வேலை?"

எழுதத் தொடங்கியதும் இன்பொக்ஸில் வந்துவிட்டது: "நீங்கள் வட்டி ஹராம் எண்டு சொல்லுற ஆக்கள். வட்டிக் கடிதத்தை வாசிக்க ஏன் சொல்லிக்குடுக்கிறீங்கள்?"

வட்டி பற்றிய என் நிலைப்பாடு மாறவில்லை. ஆனால் குர்ஆனின் ஆக நீளமான வசனம் எதைப் பற்றியது தெரியுமா? கடனை எழுதிவைப்பது பற்றியது. அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம். அதில் ஒரு விசயம் என்னை எப்போதும் நிறுத்தும். வாசகத்தைச் சொல்லி எழுதுவிக்கவேண்டியவர் கடன் கொடுப்பவர் இல்லை, கடன்படுகிறவர். அவருக்கு இயலாவிட்டால் அவர் சார்பில் நீதியாகச் சொல்ல ஒருவர் வேண்டும். இன்றைக்கு நடப்பது தலைகீழ். கொடுப்பவர் எழுதுகிறார், கொடுப்பவரே சொல்கிறார், கடன்படுகிறவர் பேனை பிடிக்க மட்டும்.

என் சமூகத்துக்கும் ஒரு வார்த்தை. "இஸ்லாமிய பிரிவில்தான் எடுத்தேன், எனக்கு இதெல்லாம் தேவையில்லை" என்று சொல்லாதீர்கள். முராபஹாவில் விற்பனை விலை தொடக்கத்திலேயே முடிவாகிவிடும், அது நல்லது. ஆனால் முந்திக் கட்டினால் தருகிற கழிவு பொதுவாக நிறுவனத்தின் விருப்பம், உங்கள் உரிமை இல்லை. ஆவணக் கட்டணமும் காப்பீடும் அங்கேயும் உண்டு. பெயரைப் பார்க்காமல் எண்ணைப் பாருங்கள்.

கடைசியாக, எங்கே போய்க் கேட்பது?

உங்களுக்கு விளங்கும் மொழியில் நிபந்தனைகளைக் கேட்பது பிச்சை இல்லை. மத்திய வங்கி 2023இல் கொண்டுவந்த நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் அதன் கண்காணிப்பில் உள்ள நிறுவனங்களுக்குப் பொருந்தும். தமிழில் தரச்சொல்லுங்கள். கையெழுத்தான பிரதியை அன்றைக்கே வாங்குங்கள். பிரச்சினை வந்தால் முதலில் அந்த நிறுவனத்துக்கு எழுத்தில் முறையிடுங்கள். சரிவராவிட்டால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு 1935 என்ற இலக்கத்தில் அழையுங்கள்.

ஆனால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். கடிதத்தில் இல்லாத கட்டணத்தை அறவிட்டால் அங்கே போய்ச் சண்டை பிடிக்கலாம். கடிதத்தில் இருந்து, நீங்கள் கையெழுத்தும் வைத்திருந்தால் அங்கே உங்கள் கை பலவீனமானது. அதனால்தான் சண்டையைக் கையெழுத்துக்கு முதல் பிடியுங்கள் என்கிறேன்.

அண்ணை இன்னும் எதிலும் கையெழுத்து வைக்கவில்லை. அவர் 18ஐத் தேர்ந்ததற்குக் கணக்குத் தெரியாதது மட்டும் காரணமில்லை. கொம்பனி ஆள் மோட்டார் சைக்கிளில் வீட்டு வாசலுக்கு வருகிறார். வங்கி இரண்டு அரச உத்தியோகத்தரைப் பிணைக்குக் கேட்கிறது. தீவில் ஒரு கடற்றொழிலாளிக்கு யார் பிணை நிற்பார்? அந்த 41 ஆயிரம் ரூபா, நாங்கள் பிணை நிற்காததற்கு அவர் கட்டுகிற விலை.

இந்தப் பதிவை அரச உத்தியோகத்தர்களும் வாசிக்கிறீர்கள். ஒரு பிணையாளி கிடைத்துவிட்டார், எங்கள் பள்ளிக்கூடத்து ஆசிரியர்தான். கடிதத்தை முழுக்க வாசித்த பிறகுதான் சம்மதித்தார். இரண்டாவது ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறோம். வங்கிக் கடிதம் செல்லுபடியாக இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது.